ஒன்பதாம் மாதம் எது? சோறூட்டுக்கும் காதுகுத்துக்கும் வயது எண்ணும் முறை

மதுரைப் பக்கம் பிள்ளைக்கு முடியெடுத்துக் காது குத்தும் பேச்சு வந்தாலே, முதலில் தகராறு வருவது மாதக் கணக்கில்தான். "ஒன்பதாம் மாசம் வச்சிரலாம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அப்பத்தா கணக்கில் அது சித்திரையாக இருக்கும், அப்பா கணக்கில் வைகாசியாக இருக்கும், ஊசி போடும் அட்டையைப் பார்த்து எண்ணும் அம்மா கணக்கில் ஆனியாக இருக்கும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு இது தெரிந்தால் சங்கடம். தலைப்பிள்ளை பெற்றவர்களும், வெளியூரில் வளர்ந்து இப்போது சொந்த ஊரில் விசேஷம் வைக்க வருகிறவர்களும் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இந்த எண்ணும் முறையை.

எண்ணுவது நடப்பு மாதத்தை

விசேஷங்களுக்கு முடிந்த மாதத்தை எண்ணுவதில்லை, நடக்கிற மாதத்தைத்தான் எண்ணுகிறோம். பிறந்த அன்றே முதல் மாதம் தொடங்கிவிடுகிறது. ஆறு மாதம் முடிந்து ஏழு நடக்கும்போது அது ஏழாம் மாதம். வயதுக்கும் அதே கணக்கு. முதல் பிறந்தநாள் வரும் வரை பிள்ளைக்கு ஒன்றாம் வயது. இரண்டாவது பிறந்தநாளிலிருந்து மூன்றாம் வயது. "மூணு வயசுல மொட்டை போடணும்" என்று பெரியவர்கள் சொன்னால், மூன்று முடிந்த பிள்ளையைச் சொல்லவில்லை, இரண்டு முடிந்து மூன்று நடக்கும் பிள்ளையைச் சொல்கிறார்கள். மூன்றாவது பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு மொட்டைக்கு நாள் பார்த்தால் அது நாலாம் வயதாகிவிடும். நாலு இரட்டைப்படை என்று பூசாரியே திருப்பி அனுப்புவார்.

அடுத்தது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது. இதில் மூன்று வழக்கம் இருக்கிறது. ஆங்கிலத் தேதிக்குத் தேதி எண்ணுவது ஒன்று. தமிழ்த் தேதிக்குத் தேதி எண்ணுவது இன்னொன்று. இவை இரண்டுக்கும் ஓரிரு நாள்தான் வித்தியாசம் வரும். மூன்றாவது வழக்கத்தில்தான் முழு மாதமே தள்ளிப்போகிறது. பிள்ளை ஆவணியில் எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும் ஆவணியை ஒன்று, புரட்டாசியை இரண்டு என்று மாதப் பெயரை வைத்தே எண்ணும் பழக்கம் அது. ஆவணி கடைசியில் பிறந்த பிள்ளைக்கு அந்த மாதத்தில் ஐந்தாறு நாள்தான் ஆகியிருக்கும், ஆனாலும் ஒரு மாதம் கழிந்துவிடும். உங்கள் வீட்டில் எந்தக் கணக்கு என்பதை நாள் பார்க்கப் போவதற்கு முன்பே அப்பத்தாவிடம் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது "ஒன்பதாம் மாதம் எது?" என்று கேட்பதைவிட, "நம்ம வீட்டுல பிறந்த தேதியிலிருந்து எண்ணுவோமா, பிறந்த மாசத்தையே ஒண்ணுன்னு எண்ணுவோமா?" என்று கேட்டால் தெளிவான பதில் வரும்.

சோறூட்டு: ஏழாம் மாதம் பிறந்த பிறகு

சாஸ்திரப்படி செய்யும் வீடுகளில் ஆண் பிள்ளைக்கு ஆறு, எட்டு, பத்து என்று இரட்டைப்படை மாதத்திலும் பெண் பிள்ளைக்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்திலும் சோறூட்டுவது முறை. காதுகுத்துக்கு ஆகாத இரட்டைப்படை இங்கே ஆண் பிள்ளைக்கு ஆகும் என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். மற்ற பல வீடுகளில் இந்த வேறுபாடு பார்ப்பதில்லை. ஆறு முடிந்ததும் பழநிக்கோ திருச்செந்தூருக்கோ குருவாயூருக்கோ போய் ஊட்டிவிட்டு வருவார்கள், அல்லது வீட்டுச் சாமி முன்னால் வைத்து ஊட்டிவிடுவார்கள்.

நடப்பு மாதக் கணக்கு இந்த இடத்தில்தான் பிள்ளையின் வயிற்றைத் தொடுகிறது. ஐந்தாம் மாதம் என்றால் நாலு மாதமே முடிந்த பிள்ளை. ஆறாம் மாதம் என்றாலும் 150 நாள்தான் முடிந்திருக்கும். பிறந்து 180 நாள் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டும் ஒத்துப்போக வழி இருக்கிறது. பெண் பிள்ளையென்றால் ஐந்தை விட்டுவிட்டு ஏழாம் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளையென்றால் வழக்கம் பார்க்கும் வீட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆறாம் மாதத்தில் சாமி முன்னால் ஒரு பருக்கையை நாக்கில் தொட்டு வைத்துச் சடங்கை முடித்துக்கொண்டு, சோறு கொடுப்பதை 180 நாளுக்குப் பிறகு தொடங்குவது. ஆனால் கூட்டம் கூடிய இடத்தில் ஒரு பருக்கையோடு யாரும் நிறுத்த மாட்டார்கள். அதனால் இன்னொரு வழியாக எட்டாம் மாதம் சடங்கை வைத்துக்கொண்டு, ஏழாம் மாதத்திலேயே வீட்டில் கஞ்சியைப் பழக்கத் தொடங்குவதுதான் நல்லது. சடங்குக்காகப் பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம்.

தேதி வந்துவிட்டாலும் பிள்ளை தயாராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்து நிற்க வேண்டும். பிடித்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும். வெறும் கரண்டியை உதட்டில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளக் கூடாது. தள்ளினால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள்.

ஊட்டும் சோற்றுக்குப் பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு விட்டு, விரலால் நசுக்கினால் பசைபோல வரும் வரை குழைய வேகவைத்து, கரண்டிக் காம்பால் மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டால் போதும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். முதல் நாள் மொத்தமே இரண்டு சிறு கரண்டி. சர்க்கரைப் பொங்கல் படையலில் இருக்கட்டும், பிள்ளைக்கு வேண்டாம். அதில் கிடக்கும் முந்திரியும் தேங்காய்ப் பல்லும் தொண்டையில் அடைக்கக்கூடியவை.

இதில் ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது. பிஞ்சுக் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கி, உடம்பைத் துவள வைத்து, மூச்சு வரைக்கும் பாதிக்கும். கோயிலில் பஞ்சாமிர்தத்தை நாக்கில் தடவ வருவார்கள். அதிலும் தேன் உண்டு. "நெத்தியில வைங்க சாமி, உள்ளுக்குக் குடுக்க வேணாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று நடக்கும் இன்னொரு தவறு, பத்துப் பேர் பத்து வாய் ஊட்டுவது. அப்பா, தாத்தா, அம்மாச்சி, மாமா என்று வரிசையாக வந்தால் அளவு இரண்டு கரண்டியைத் தாண்டிவிடும், பத்துக் கைகளின் அழுக்கும் கூடவே போகும். ஊட்டும் கிண்ணத்தைத் தாய் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அவள் கொடுக்கும் கரண்டியில் ஒரு பருக்கை ஊட்டட்டும். அடுத்த மூன்று நாளைக்கு இந்தச் சோற்றைத் தவிர வேறு புது உணவு கொடுக்காதீர்கள். தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

முடியும் காதும்: ஏழு, ஒன்பது, பதினொன்று

சில குடும்பங்களில் பெயர் வைக்கும் நாளிலேயே காது குத்திவிடுவார்கள். மதுரை, உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கங்களில் பெரும்பாலும் குலதெய்வக் கோயிலில் பிறந்த முடியை இறக்கி, அன்றே தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதுதான் வழக்கம். அதனால் இரண்டுக்கும் ஒரே வயதுதான். முதல் வயதில் ஏழு, ஒன்பது, பதினொன்றாம் மாதம். தவறினால் மூன்றாம் வயது, அதுவும் தவறினால் ஐந்தாம் வயது. காது குத்தும் வயதைச் சுசுருதர் தம் மருத்துவ நூலில் ஆறு அல்லது ஏழாம் மாதம் என்றே சொல்கிறார். ஆக, முதல் வயதில் குத்துவது நெடுநாள் வழக்கம்தான்.

ஏழு, ஒன்பது, பதினொன்றில் எது நல்லது என்றால் ஒன்பது. ஏழாம் மாதத்தில் பல பிள்ளைகள் உறுதியாக உட்காருவதில்லை. மழிக்கும்போது தலை ஆடும். பதினொன்றில் ஆள் பார்த்து மிரளும், கையைத் தட்டிவிடும், குத்திய காதைப் பிடித்து இழுக்கும். ஒன்பதாம் மாதம் நடப்பதற்குள் 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசிகளும் முடிந்திருக்கும். இரணஜன்னிக்கான பாதுகாப்பு அந்த ஊசிகளில்தான் இருக்கிறது. அட்டையில் அந்த மூன்று கட்டத்திலும் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் காது குத்த நாள் குறிக்காதீர்கள்.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிறந்தது 2024 செப்டம்பர் 10, தமிழுக்கு ஆவணி 25. 180 நாள் முடிவது 2025 மார்ச் 9. ஏழாம் மாதம் மார்ச் 10 முதல் ஏப்ரல் 9 வரை. பெரும்பகுதி பங்குனி, சோறூட்டுக்குத் தோதான காலம். ஒன்பதாம் மாதம் மே 10 முதல் ஜூன் 9 வரை. வைகாசி மே 15-இல் பிறக்கிறது. அதன் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகள் என்று பார்த்தால் மே 18, மே 25, ஜூன் 1, ஜூன் 8. இவற்றில் மே 18, 25 இரண்டும் அக்கினி நட்சத்திரத்துக்குள் இருக்கின்றன. அந்த ஆண்டு அது மே 28-இல்தான் முடிகிறது. மதுரை வெயிலில் மொட்டைத் தலையோடு பிள்ளையைக் கோயில் வெளியில் வைத்திருக்க முடியாது. ஜூன் 8 ஆங்கிலத் தேதிக்கு ஒன்பதாம் மாதம்தான். ஆனால் அன்று வைகாசி 25. தமிழ்த் தேதிக்கு எண்ணினால் ஆவணி 25-இல் தொடங்கிய கணக்கில் வைகாசி 24-உடன் ஒன்பது முடிந்து, அன்று பத்து பிறந்துவிடுகிறது. ஆக, இரண்டு கணக்குக்கும் பழுதில்லாத நாள் ஜூன் 1.

அதே பிள்ளைக்கு மாதப் பெயரை எண்ணும் வீட்டில் ஆவணி ஒன்று, சித்திரை ஒன்பது, வைகாசி பத்து. அந்த வீட்டில் ஜூன் 1 ஆகாது. சித்திரையிலேயே வைக்க வேண்டும், அதாவது மே 14-க்குள். அக்கினி நட்சத்திரம் தொடங்குவது மே 4 என்பதால் ஏப்ரல் கடைசியில் வைப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. இந்த ஒரு விஷயம் முதலிலேயே பேசப்படாததால் பத்திரிகை அடித்த பிறகு மாற்றிய வீடுகள் உண்டு.

ஒன்பதைத் தவறவிட்டால் பதினொன்றாம் மாதம் ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 9 வரை. ஜூலை 17-இல் ஆடி பிறந்துவிடுகிறது. குலதெய்வத்துக்கு ஆடி உகந்த மாதம் என்று அப்போதே முடியிறக்கும் வீடுகள் இருக்கின்றன. ஆடியில் காது குத்தக் கூடாது என்னும் வீடுகளுக்கு ஆனியின் கடைசி ஏழு நாள்தான் மிச்சம். அந்த ஏழில் ஒரே ஒரு ஞாயிறு, ஜூலை 13. அதுவும் போனால் முதல் வயது போயிற்று. அடுத்து மூன்றாம் வயது, 2026 செப்டம்பர் 10 முதல் 2027 செப்டம்பர் 9 வரை. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் அந்தச் சமயத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நாளைக் குறிக்கும்போது பிள்ளையின் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளை மொட்டைக்கு ஒதுக்கிவிடுவார்கள். பஞ்சாங்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாய் மறுபடி மாசமாக இருந்தால் மூத்த பிள்ளைக்கு முடியிறக்குவதைப் பல வீடுகளில் தள்ளிவைப்பார்கள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் குலதெய்வக் கோயிலுக்குப் போவதே அந்த வருடம் நின்றுபோகலாம். முதல் வயது தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டு காரணத்தால்தான். அதனால் பதினொன்றை நம்பி ஒன்பதை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவக் கணக்கு ஒன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மாதம் முடிந்ததும் அம்மைத் தடுப்பூசி போடுவார்கள். அதற்குக் காய்ச்சல் அன்றே வராது, ஏழெட்டு நாள் கழித்தும் வரும். ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் விட்டு விசேஷத்தை வையுங்கள். நம் கணக்கில் ஊசி ஜூன் 10-க்குப் பிறகுதான் என்பதால் ஜூன் 1-க்கு இடைஞ்சல் இல்லை.

யாரிடம் முதலில் சொல்வது

முதலில் பூசாரியிடம் கேட்டு, கோயில் அன்று வேறு வகையறாவுக்குப் போகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்து தாய்மாமன். நாளைக் குறித்துவிட்டுத் தகவலாகச் சொல்வது மரியாதை இல்லை. இரண்டு மூன்று நாளைக் கையில் வைத்துக்கொண்டு வெற்றிலை பாக்கோடு போய், "உங்களுக்கு எது தோது?" என்று கேட்க வேண்டும். புதுத்துணி, மாலை, பழத்தட்டு, தங்கக் கம்மல் என்று சீர் அவர் கொண்டுவர வேண்டியது. இரண்டு மாதமாவது அவகாசம் வேண்டும். கூடப் பிறந்த மாமன் இல்லாவிட்டால் தாயின் பெரியப்பா, சித்தப்பா மகன் அந்த இடத்தில் உட்காருவார். இரண்டு மூன்று மாமன்கள் இருந்தால் மடி மூத்தவருடையது. இளையவர்கள் மனம் கோணாதபடி கம்மல் ஒருவர், துணி ஒருவர் என்று சீரைப் பிரித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக ஆசாரி. கோயிலில் அன்று வந்து நிற்கும் ஆளை நம்பாமல், பழகிய தட்டாசாரியை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அன்றைய நாள்

காலை ஒன்பது மணிக்குள் முடியிறக்கிவிட வேண்டும். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. எங்கே எடுத்தாலும் பிரிக்காத புது பிளேடு பொட்டலத்தை நீங்களே கொண்டுபோய்க் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவர் தலையைக் கீறிய பிளேடு இன்னொருவருக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமி வரை பரவும். வெதுவெதுப்பான தண்ணீரில் முடியை நன்றாக ஊறவைக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் உச்சிக்குழி இன்னும் மூடியிருக்காது. அங்கே அழுத்தாமல் மேலோட்டமாக வழிக்க வேண்டும்.

பிறகு குளிப்பாட்டிச் சந்தனம். பொட்டலத்தில் வரும் மஞ்சள் நிறத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. வழித்த தோலில் அது எரியும். கட்டையில் உரைத்த சந்தனத்தை மெல்லப் பூசினால் போதும். பிள்ளைக்குப் பால் கொடுத்து அரைமணி விட்டு, மாமன் கொண்டுவந்த துணியைப் போட்டு மடியில் உட்காரவையுங்கள்.

குத்துவதற்கு முன் ஆசாரி இரண்டு காதிலும் பொட்டு வைப்பார். அதைப் பக்கத்திலிருந்து பார்க்காமல், பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று பாருங்கள். மடலின் நடுவில் இருக்க வேண்டும். கீழ் விளிம்புக்கு அருகில் குத்தினால் பிள்ளை வளரும்போது ஓட்டை இறங்கி மடல் கிழியும். கம்பியையும் அவர் கையையும் மருத்துவ ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் காதைவிட இரண்டாவது காதுக்குத்தான் பிள்ளை திமிறும். மாமன் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் தலையை மட்டும் தாங்க வேண்டும். இந்த இரண்டாவது ஆளை முன்பே சொல்லிவைக்காவிட்டால் கடைசி நொடியில் தலை திரும்பி, இரண்டு ஓட்டையும் ஏறுக்குமாறாகிவிடும்.

முதல் நகையாகத் தங்கக் கம்பி வளையமே போடுங்கள். மாமன் செய்த கல் வைத்த கம்மலைக் காது ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். திருகாணி இறுகினால் வீங்கும் மடலுக்குள் புதைந்துபோகும், கழன்றால் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். முலாம் பூசியது வேண்டாம், உள்ளிருக்கும் நிக்கல் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் நீர் வடியும்.

காது ஆறும் வரை

ஆற ஆறு வாரமாவது பிடிக்கும். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கால் கரண்டி உப்புப் போட்டு ஆறவிட்டு, சுத்தமான பஞ்சால் முன்னும் பின்னும் காலை மாலை துடையுங்கள். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசுவதால் அழுக்கு ஒட்டிக்கொள்கிறது. முதல் இரண்டு நாள் லேசாகச் சிவந்திருப்பது இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினாலோ, சீழ் வந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பியை நீங்களாகக் கழற்றாதீர்கள். ஓட்டை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

குடும்பத்தில் யாருக்காவது காயம் ஆறிய இடத்தில் தோல் தடித்துக் கட்டியாக வளரும் வழக்கம் இருந்தால், குத்துவதற்கு முன்பே தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் முடியை மட்டும் ஒன்பதாம் மாதத்தில் இறக்கிவிட்டுக் காதை மூன்றாம் வயதுக்கு வைத்துக்கொண்டாலும் குலதெய்வத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. நேர்ந்துகொண்டது முதல் முடியைத்தான். காதுக்கு மாமனிடம் இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.